கேள்வி–பதில் காணொலி: லைக் வரிசையா, தலைப்பு வாரியா, காரணத் தொடரா?

ஏற்காட்டில் சித்தப்பாவுக்கு இருக்கும் மூன்று ஏக்கர் காப்பித் தோட்டத்தை வைத்து, நானும் பெரியம்மா மகளும் ஒரு சிறிய யூடியூப் சேனல் நடத்தி வருகிறோம். படம் எடுப்பது மலையில் என் வேலை. அதை வெட்டி ஒட்டுவது சேலம் அஸ்தம்பட்டியில், மாடி அறையில், அக்காவின் வேலை. சென்ற அறுவடையின்போது, பழம் பறிப்பதிலிருந்து பொடி அரைப்பது வரை ஒரே காணொலியாகப் போட்டிருந்தோம். அதன் கீழே இருநூற்றுக்குச் சற்று அதிகமாகக் கருத்துகள் சேர்ந்தன. பாராட்டையும் வணக்கத்தையும் கழித்துப் பார்த்தால் அறுபது கேள்விகள் மிஞ்சின. ஒரே கேள்வியைப் பலர் பலவிதமாகக் கேட்டிருந்ததை ஒன்றாக்கிய பிறகு இருபதுக்குச் சற்று மேல் நின்றன. பதினைந்து நிமிடக் காணொலியில் ஏழு கேள்விக்கு மேல் உருப்படியாகப் பதில் சொல்ல இயலாது என்பது முந்தைய அனுபவம். ஆகவே எந்த ஏழு, எந்த வரிசையில், எதை வைத்து ஒன்றோடொன்று சேர்ப்பது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. மூன்றையும் தாளில் எழுதிப் பார்த்தோம். முதல் வழியை ஓராண்டுக்கு முன்பே செய்து பார்த்திருந்தோம்.

அந்த முதல் வழி, அதிக லைக் பெற்ற கேள்வியை முதலில் வைத்து, குறையக் குறைய இறங்கிவருவது. இதில் உழைப்பு குறைவு. யாரையும் ஒதுக்கிவிட்டதாகக் குற்றச்சாட்டு எழாது. ‘நீங்கள் விரும்பியதையே எடுத்தோம்’ என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் லைக் எண்ணிக்கை நாம் நினைப்பதை அளப்பதில்லை. யூடியூப் தானாக மேலே காட்டும் கருத்துகளைத்தான் வருபவர்கள் முதலில் படிக்கிறார்கள். படித்ததற்கே லைக் போடுகிறார்கள். லைக் விழ விழ அது மேலேயே நிற்கிறது. வெளியான முதல் மணி நேரத்தில் எழுதப்பட்ட சாதாரணக் கேள்வி ஒன்று நூறு லைக் வாங்கிவிடும். மூன்று வாரம் கழித்து, தோட்டக்காரர் ஒருவர் தம் செடியின் வயது, உரம், மழை எல்லாம் குறிப்பிட்டு எழுதிய அருமையான கேள்வி ஒற்றை லைக்கோடு அடியில் கிடக்கும். எங்களுக்கு அதிக லைக் வாங்கிய கேள்வி இது: ‘அண்ணா, சேலத்துல எங்க வீட்டு மாடியில காப்பிச் செடி வளருமா?’ இது நல்ல கேள்விதான். ஆனால் காப்பிக்கு என்ன தட்பவெப்பம் வேண்டும் என்று தெரியாதவருக்கு இதை முதலிலேயே வைத்து ‘கடினம்’ என்று பதில் சொன்னால், கதவைத் திறந்த கையோடு சாத்திய மாதிரி ஆகிவிடும்.

இந்த வழியின் பெரிய குறை கேள்விகளுக்கு இடையில்தான் தெரிந்தது. லைக்கை வைத்து அடுக்கிய கேள்விகளுக்குள் உறவு எதுவும் இருப்பதில்லை. ஆகவே ஒவ்வொன்றுக்கும் நடுவில் நான்கு விநாடி இசையோடு ஒரு தலைப்பு அட்டை போட்டோம். எந்த விநாடி வரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும், அந்தக் காணொலியின் பார்வையாளர் தக்கவைப்பு வரைபடத்தைத் திறந்து பார்த்தபோது, கோடு சரிவாக இறங்காமல் படிக்கட்டாக இறங்கியிருந்தது. ஒவ்வொரு படியும் ஓர் அட்டை. பதிலைக் கேட்டவர்கள் அட்டை வந்ததும் எழுந்து போயிருக்கிறார்கள். போகச் சொல்லி நாங்களே மணியடித்துக் கொடுத்திருக்கிறோம்.

இரண்டாவது வழி தலைப்பு வாரியாகப் பிரிப்பது: செடி பற்றியவை, பதப்படுத்தல் பற்றியவை, குடிப்பது பற்றியவை. பாடப்புத்தகத்துக்கு ஏற்ற முறை. பார்ப்பவர் தமக்கு வேண்டிய பகுதிக்கு நேரே போய்விடலாம். தேடி வருபவர்களே அதிகம் உள்ள சேனலுக்கு, எடுத்துக்காட்டாகக் கைப்பேசி பழுது பார்ப்பது, வருமான வரிப் படிவம் நிரப்புவது போன்றவற்றுக்கு, இதையே நான் பரிந்துரைப்பேன். எங்களுக்கு இது ஏன் ஒத்துவரவில்லை என்றால், தலைப்புகளுக்குள்ளே ஒழுங்கு இருந்தாலும் தலைப்புகளுக்கு இடையே அதே பள்ளம் இருக்கிறது. ஆறு பள்ளங்கள் இரண்டாகக் குறைகின்றன, அவ்வளவுதான். தவிர, ஒரு தலைப்பின் கீழ் ஒரே ஒரு கேள்வி மட்டும் இருந்தால், இடத்தை நிரப்புவதற்காக அரைகுறைக் கேள்வி ஒன்றை உள்ளே இழுக்கத் தோன்றுகிறது.

மூன்றாவது வழியைக் காரணத் தொடர் என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். ஒரு கேள்விக்கான பதில் எந்த இடத்தில் முடிகிறதோ, அந்த இடத்தில் பார்ப்பவர் மனத்தில் இயல்பாக எழும் அடுத்த ஐயம் எது என்று பார்த்து, அதைக் கேட்டிருக்கும் நேயரின் கருத்தை அங்கே வைப்பது. இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு கேள்விகளுக்கு நடுவில் ‘அப்படியானால்’, ‘ஆனால்’, ‘அது ஏன்’ என்ற சொற்களில் ஒன்றை வைத்துப் படித்துப் பாருங்கள். பொருந்தினால் தொடர்பு உண்டு. ‘அடுத்ததாக’, ‘அது இருக்கட்டும்’ என்பவைதாம் பொருந்துகின்றன என்றால் தொடர்பே இல்லை. குரலை எவ்வளவு இனிமையாக்கினாலும், எந்த இசையைப் போட்டாலும் அங்கே ஒட்டு தெரியும்.

தொடரை எந்தத் திசையில் ஓட்டுவது என்பதில் எங்களுக்குள் ஒரு நாள் முழுக்க வாக்குவாதம். செடி, பூ, பழம், கொட்டை, பொடி என்று காலவரிசையில் முன்னோக்கிப் போவதே முறை என்றேன் நான். ‘தம்பி, கேட்கிறவங்கள்ல பாதிப் பேருக்குத் தோட்டம் கிடையாது, டம்ளர்தான் இருக்கு. டம்ளர்லேருந்து ஆரம்பி’ என்றார் அக்கா. எழுதிப் பார்த்தபோது அவர் சொன்னதே சரியாக வந்தது. காலவரிசையில் ஒவ்வோர் இணைப்பும் ‘பிறகு’ என்றே அமைகிறது: பூத்தது, பிறகு காய்த்தது, பிறகு பறித்தோம். பின்னோக்கிப் போகும்போது ஒவ்வோர் இணைப்பும் ‘ஏன்’ என்று அமைகிறது: புளித்தது, ஏன் புளித்தது, அது ஏன் அப்படி ஆனது. ‘பிறகு’ என்பதற்குக் காத்திருக்கப் பொறுமை வேண்டும். ‘ஏன்’ என்பதற்கு வேண்டியதில்லை.

எங்கள் தொடர் எப்படி அமைந்தது என்பதை விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் தேர்வும் இணைப்பும் இங்கே ஒரே வேலையாக நடந்தன.

முதல் கேள்வி, மலையிலிருந்து பழம் வாங்கிப்போய் வீட்டிலேயே பதப்படுத்திய ஒருவர் எழுதியது: ‘எல்லாம் நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன், ஆனா காப்பி புளிக்குது, ஒரு மாதிரி வாடையும் வருது.’ இதையே ஏழெட்டுப் பேர் ‘புளிக்குது’ என்று ஒற்றைச் சொல்லில் கேட்டிருந்தார்கள். இவருடையதைத் தேர்ந்ததற்குக் காரணம் அந்த ‘வாடை’ என்ற சொல். நல்ல காப்பியிலும் இயல்பாகவே மெல்லிய புளிப்பு உண்டு, அது குற்றமில்லை. பூஞ்சை வாடை வேறு, ஊறியதால் வரும் கெட்ட புளிப்பு வேறு என்று பிரித்துக் காட்ட அவர் எழுதியதே இடம் கொடுத்தது. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால், பெரும்பாலோர் எழுதியபடியே எடுக்காமல், விவரம் அதிகமாக உள்ள ஒன்றை எடுத்து, ‘இதையே இன்னும் பலர் கேட்டிருந்தீர்கள்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும்.

அந்தப் பதில், ‘வாடை பெரும்பாலும் காயவைக்கும்போதே உள்ளே போய்விடுகிறது’ என்று முடிந்தது. ஆகவே இரண்டாவது கேள்வி, ‘எத்தனை நாள் காய வைக்கணும், காய்ஞ்சிருச்சுன்னு எப்படித் தெரியும்?’ என்பது. வெயிலைப் பொறுத்து ஏழு முதல் பத்து நாள்; மெல்லிய பரப்பாகக் கொட்டி அடிக்கடி கிளறிவிட வேண்டும்; இரவில் பனிபடாமல் மூட வேண்டும்; கொட்டையில் ஈரப்பதம் 10 முதல் 12 விழுக்காட்டுக்குள் வர வேண்டும்; கருவி இல்லாதவர் கடித்துப் பார்த்தால் பல்லுக்கு மசியாமல் கெட்டியாக இருக்க வேண்டும். இதன் கடைசி வாக்கியம்: ‘இத்தனையும் செய்தும் கொட்டை பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு காய மறுத்தால், குறை களத்தில் இல்லை, கழுவிய தொட்டியில் இருக்கிறது.’

பார்ப்பவரைத் தொட்டி வரைக்கும் அந்த வாக்கியமே கூட்டி வந்துவிடுவதால், மூன்றாவது கேள்விக்கு அறிமுகமே தேவைப்படவில்லை: ‘தோல் உரிச்ச கொட்டையை எத்தனை மணி நேரம் ஊற வைக்கணும்?’ கொட்டை மேல் ஒட்டியிருக்கும் வழவழப்பு நீங்க, மலைக் குளிரில் 24 முதல் 36 மணி நேரம் ஆகலாம். சமவெளி வெப்பத்தில் இதைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும். ஆகவே கடிகாரத்தைக் காட்டிலும் கையை நம்ப வேண்டும். ஒரு பிடி அள்ளிக் கழுவித் தேய்த்தால் வழவழப்புப் போய்க் கூழாங்கல் உரசுவது போல நறநறவென்று இருக்க வேண்டும். அதற்கு மேலும் விட்டுவைத்தால், முதல் நேயர் சொன்ன அந்தக் கெட்ட புளிப்பு ஏறும். இங்கே முதல் கேள்வியின் மிச்சமும் தீர்ந்தது. ஒரு பதில் இரண்டு கேள்விக்கு முன்பு வைத்த முடிச்சை அவிழ்க்கும்போது, அதுவரை பார்த்தவருக்கு உட்கார்ந்திருந்ததற்குக் கூலி கிடைக்கிறது.

நான்காவது, ஒரு கண்டனம். ‘பச்சையா இருக்கிறதையும் சேர்த்து உருவிப் போடுறாங்களே, இதுதான் உங்க தரமா?’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கேள்விக்குறி இருந்தாலும் அது கேள்வி இல்லை, குட்டு. அதை ஒதுக்கிவிடலாம் என்பது என் எண்ணம். ஆனால் தொடரில் அது வலுவான கண்ணியாக நின்றது. பச்சைக்காய் இயந்திரத்தில் சரியாகத் தோல் உரியாது, வெட்டுப்படும், தொட்டியில் பழுத்ததோடு சேர்ந்தால் ஊறலும் ஒழுங்காக இராது. அதாவது மூன்றாவது பதிலுக்கே அவருடைய கண்டனம் துணை நிற்கிறது. ‘கையால் தடவிப் பார்த்தும் ஒருபோல வரவில்லை என்றால், தொட்டிக்குள் இரண்டு விதமான காய் விழுந்திருக்கலாம். அதைத்தான் இந்த நேயர் கண்டிக்கிறார்; அவர் சொன்னது சரி’ என்று இணைத்தோம். கண்டனக் கருத்தை எடுப்பதென்றால் அதில் நமக்குப் பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்ளும் பகுதி இருக்க வேண்டும். வாயடைக்க மட்டுமே எடுத்தால் அடுத்த காணொலியின் கீழே அதே ஆள் பத்துப் பேரோடு வருவார்.

ஐந்தாவது ஒரு திருத்தம். பழைய காணொலியில் ‘6 கிலோ பழத்துக்கு 1 கிலோ பொடி’ என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அது வறுக்காத கொட்டைக்கான கணக்கு. வறுக்கும்போது எடை 15 முதல் 20 விழுக்காடு குறைகிறது. ஆகவே 1 கிலோ பொடிக்கு ஏழு கிலோவுக்கும் மேல் பழம் வேண்டும். ஒரு நேயர் இதைச் சுட்டிக்காட்டியிருந்தார். திருத்தத்தைக் காணொலியின் தொடக்கத்தில் வைப்பதா, தொடருக்குள் வைப்பதா என்று யோசித்தோம். தொடக்கத்தில் வைப்பது நேர்மையாகத் தோன்றினாலும், பழையதைப் பார்க்காதவருக்கு அந்த அரை நிமிடம் ஒன்றும் புரியாது; பழையதை மட்டும் பார்ப்பவருக்குப் புதியதில் சொல்லும் திருத்தம் போய்ச் சேரவே சேராது. எனவே பழைய காணொலியின் கீழேயே திருத்தத்தை எழுதி மேலே நிலைநிறுத்திவிட்டு, புதியதில் அதற்குரிய இடத்தில் வைத்தோம். அந்த இடம் இதுதான்: பழுத்ததை மட்டும் பொறுக்கிப் பறித்தால் ஒரே செடிக்கு மூன்று நான்கு முறை ஆள் போக வேண்டும், ஒவ்வொரு முறையும் கூலி, அவ்வளவு கூலிக்கு எவ்வளவு பொடி கிடைக்கிறது என்ற கணக்கு.

ஆறாவது கேள்வி ஒரே லைக் பெற்றது: ‘ஒரே கிளையில பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் எப்படிங்க ஒண்ணா இருக்கு?’ மூன்று நான்கு முறை ஏன் போக வேண்டும் என்பதற்கு இதுவே விடை. மார்ச், ஏப்ரல் மாதக் கோடை மழை பெய்த எட்டுப் பத்து நாளில் காப்பி பூக்கிறது. ஒரே நல்ல மழையாக இல்லாமல் விட்டுவிட்டுத் தூறினால் பூவும் தவணை தவணையாக வருகிறது. தவணையாகப் பூத்தது தவணையாகத்தான் பழுக்கும். லைக் வரிசையில் போயிருந்தால் இந்தக் கேள்வி எங்கள் கண்ணில்கூடப் பட்டிருக்காது. தொடரிலோ, இது இல்லாமல் நான்காவதும் ஐந்தாவதும் அந்தரத்தில் தொங்கியிருக்கும்.

இப்படிப் பின்னோக்கி வந்து செடியின் காலடிக்கு வந்து சேர்ந்துவிட்டோம். மழை, குளிர், நிழல் மூன்றும் ஒத்துழைத்தால்தான் காரியம் நடக்கிறது என்று ஆறாவது பதில் முடிந்ததும், ‘அப்படியானால் சேலத்தில் மாடியில் வளருமா’ என்று கேட்பதற்கு வேறு பாலமே தேவையில்லை. அராபிகா வகைக் காப்பிக்கு 1000 முதல் 1500 மீட்டர் வரையிலான உயரமும் 15 முதல் 25 பாகை வெப்பமும் ஏற்றவை. சேலம் நகரம் 300 மீட்டருக்கும் கீழே இருக்கிறது, மே மாதத்தில் மொட்டை மாடியின் சூட்டைச் சொல்லவே வேண்டாம். நிழல் வலையின் கீழே செடி உயிரோடு இருக்கும், இலை பளபளக்கும். காய்ப்பை மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. முதலிலேயே வைத்திருந்தால் ஏமாற்றமாக இருந்திருக்கும் பதில், கடைசியில் வந்தபோது காரணத்தோடு வந்தது. அதிக லைக் வாங்கிய கேள்வியைக் கடைசியில் வைக்கிறோம் என்பதால், ‘மாடியில் வளருமா என்ற கேள்விக்கும் இன்று பதில் உண்டு, ஆனால் அதற்கு டம்ளரிலிருந்து போக வேண்டும்’ என்று தொடக்கத்திலேயே ஒரு வரி சொல்லிவிட்டோம்.

விடுபட்டவை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் காரணத் தொடரின் மெய்யான விலை அங்கேதான் இருக்கிறது. இலை மஞ்சளாகிச் செடி வாடுகிறது, தண்டில் வளையம் போலப் புடைத்திருக்கிறது என்று மலைத் தோட்டக்காரர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். அது தண்டுத் துளைப்பான் பூச்சியின் வேலை. காப்பிக்கு அதைவிடப் பெரிய எதிரி இந்த மலையில் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் டம்ளரிலிருந்து தொடங்கும் தொடரில் அதற்கு இடமே அமையவில்லை. வலிந்து நுழைத்தால் காப்பி குடிப்பவர் எழுந்து போவார், தோட்டக்காரருக்கோ இரண்டு நிமிடப் பதில் போதாது. ஆகவே அந்தக் கருத்துக்கே பதிலாக ஒரு நிமிடச் ஷார்ட்ஸ் ஒன்று தனியே எடுத்தோம்: தாக்கிய செடியைப் பூச்சி பறக்கத் தொடங்கும் முன்பே வேரோடு எடுத்து எரிப்பது, தண்டுக்குச் சுண்ணாம்பு பூசுவது, வெயில் நேரே படும் தண்டையே பூச்சி தேடி வருவதால் நிழல் மரத்தை அளவுக்கு மிஞ்சிக் கழிக்காமல் இருப்பது. பொடி என்ன விலை, எங்கே கிடைக்கும் என்பவற்றுக்கு எழுத்திலேயே பதில் கொடுத்தோம். விலை மாதத்துக்கு மாதம் மாறும். காணொலியோ ஆண்டுக்கணக்கில் நிற்கும். ‘என் செடி காய்க்கல, என்ன செய்ய?’ என்பது போல ஊரும் வயதும் தெரியாமல் பதிலே சொல்ல முடியாத கேள்விகளுக்கு, அந்த விவரங்களைத் திருப்பிக் கேட்டு எழுதினோம். அப்படி விவரம் தந்தவர்களில் இருவருடைய கேள்வி அடுத்த காணொலிக்குக் காத்திருக்கிறது.

இணைப்பு வாக்கியத்தில் ஒரு நுட்பத்தைப் பட்டறிவால்தான் கற்றோம். நேர முத்திரைகளைக் குறிப்புப் பகுதியில் எழுதினால் யூடியூப் காணொலியை அத்தியாயங்களாகப் பிரித்துக் காட்டும். முதலாவது 0:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் பத்து விநாடிக்குக் குறையக் கூடாது. அத்தியாயத்தைத் தொட்டு நேரே நடுவில் குதிப்பவர், ‘இப்போது சொன்ன இந்தக் காரணத்தால்’ என்று தொடங்கும் வாக்கியத்தைக் கேட்டால் குழம்பிப்போவார். தொடர் இறுக இறுக இந்தக் கேடும் கூடும். நாங்கள் கண்ட வழி, இணைப்பு வாக்கியத்தை முந்தைய பதிலின் வாலாக வைப்பது. நேர முத்திரையை அந்த வாக்கியம் முடிந்து கேள்வியைப் படிக்கத் தொடங்கும் விநாடியில் வைப்பது. கேள்விக்குப் பின் வரும் முதல் வாக்கியம் முன்கதை தெரியாதவருக்கும் புரிய வேண்டும். எங்கள் குறிப்புப் பகுதி இப்படி இருந்தது:

```
0:00 இன்றைய கேள்விகள்
0:35 காப்பி ஏன் புளிக்கிறது?
2:50 காய்ந்துவிட்டதா, எப்படித் தெரியும்?
5:05 எத்தனை மணி நேரம் ஊற வேண்டும்?
7:10 பச்சைக்காயும் பறிக்கலாமா?
9:00 ஒரு கிலோ பொடிக்கு எவ்வளவு பழம்? (திருத்தம்)
10:40 ஒரே கிளையில் மூன்று நிறம் ஏன்?
12:45 சேலத்தில் மாடியில் வளருமா?
```

கேள்வியை முழுதாகப் படிப்பதா, சுருக்குவதா என்பதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. நாற்பது சொல் கொண்ட கருத்தைப் படிக்க இருபது விநாடி ஆகும். எழுதியபடி திரையில் காட்டிவிட்டு, வாயால் பாதியாகச் சுருக்கிச் சொன்னால் போதும். சுருக்கும்போது கேட்டவரின் தயக்கத்தையோ கோபத்தையோ நீக்கிவிடக் கூடாது. கருத்திலேயே தொலைபேசி எண்ணை எழுதிவிடுபவர்கள் நம்மிடம் மிக அதிகம். திரையில் காட்டுமுன் அதை மறைத்துவிட வேண்டும்.

படம் எடுக்கும் வரிசைதான் எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது. தொடரைத் தாளில் முடிவு செய்யாமல், ஏழு பதிலையும் மனம்போன வரிசையில் தோட்டத்தில் நின்று எடுத்துவிட்டு, பிறகு அடுக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஏற்காட்டில் காலை பதினொரு மணிக்கு முதுகுக்குப் பின்னால் சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் ஏறிய மிளகுக் கொடியும் பளிச்சென்று தெரியும். மதியம் மூன்று மணிக்கு மூடுபனி ஏறி மரமே காணாமல் போகும். அடுக்கிப் பார்த்தபோது பின்னணி ஒரு பதிலில் வெயில், அடுத்ததில் பனி, மறுபடி வெயில் என்று இமைத்துக்கொண்டே இருந்தது. வார்த்தையால் எவ்வளவு நன்றாகக் கோத்தாலும், ‘இது வேறு நேரம்’ என்று கண் சொல்லிக்கொண்டே இருந்தால் தொடர் அறுந்துபோகும். கொட்டை கழுவும் கொட்டகைக்குள் ஒரே விளக்கில், முடிவான வரிசையிலேயே மறுபடி எடுத்தோம். ஒவ்வொரு பதிலின் முடிவிலும் மூன்று விநாடி பேசாமல் நின்றேன், வெட்டுவதற்கு இடம் வேண்டுமே. இணைப்பு வாக்கியங்களை மட்டும் பதில்கள் எல்லாம் முடிந்தபின் கடைசியாக எடுத்தோம். பதில் உண்மையில் எந்தச் சொல்லில் முடிந்தது என்பது அப்போதுதான் தெரியும். இரண்டு இடத்தில் மட்டும் என் குரல் ஓடும்போதே தொட்டியையும் காய்களத்தையும் காட்டி ஒட்டை மறைத்தோம்.

வெளியிட்ட பிறகு வரைபடத்தில் படிக்கட்டு இல்லை. மெதுவான சரிவு, ஒரே ஓர் இடத்தைத் தவிர. ஐந்தாவது கேள்வியில் கோடு சட்டென்று இறங்கியது. இத்தகைய இறக்கம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் குறை எதில் என்று தெரியும். இணைப்பு வாக்கியத்திலேயே இறங்கினால் தொடர்பு ஒட்டவில்லை. கேள்வியைப் படிக்கும்போது இறங்கினால் அந்தக் கேள்வி பார்ப்பவருக்கு வேண்டாதது. பதிலின் நடுவில் இறங்கினால் பதில் நீளம். எங்களுடையது பதிலின் நடுவில் இறங்கியது. என் தவறுக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு ஒன்றரை நிமிடம் நின்றிருக்கிறேன். கணக்கைச் சொல்ல நாற்பது விநாடி போதும் என்று அக்கா அன்றைக்கே சொன்னார்.

அடுத்தது மிளகுக் காணொலி. அதற்கு வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை, கொடி வைத்து ஓரிரண்டு ஆண்டு ஆன தோட்டக்காரர்கள் கேட்பவை. அவர்கள் கையில் இன்னும் மிளகே இல்லை, பின்னோக்கிப் போவதற்கு அங்கே டம்ளரும் இல்லை. ஆகவே அதை நடவிலிருந்து முன்னோக்கி, மாத வரிசையில் எடுப்பதாக முடிவு செய்திருக்கிறோம். இம்முறை வாக்குவாதம் இல்லை, அக்காவே சொல்லிவிட்டார்.